நக்கீரர் வந்துட்டாரு! பிழை திருத்துபவர்களைக் கலாய்க்கும் மீம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு எழுத்தைத்தான் திருத்தினேன். மரியாதையாத்தான் சொன்னேன். அதுக்குப் போய் ஏன் மீம் போட்டுக் கலாய்க்கிறாங்க?

அவர் ஒரு சேதி சொல்ல வந்தார். நீங்கள் சேதியை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தீர்கள். சிரிப்பு அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஒருவர், "பையன் முதல் சம்பலம் வாங்கிட்டான், அம்மா கையில கொடுத்துட்டான்" என்று எழுதுகிறார். கீழே இருபது பேர் சந்தோஷப்படுகிறார்கள். இருபத்தோராவதாக நீங்கள் வந்து "சம்பளம்" என்று ஒரே ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய், மொய் எழுதாமல், பந்தியில் உட்காராமல், வாசலில் கட்டிய வாழைமரம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியவரைப் போல நிற்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் பல வருஷம் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவன். அங்கே ஒரு பக்கத்தில் நாற்பது திருத்தம் போட்டாலும் எழுதியவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போவார். தாளை என்னிடம் கொடுத்ததே அவர்தான். கருத்துப் பெட்டியில் யாரும் உங்களிடம் தாளை நீட்டவில்லை. எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் எழுந்துபோய் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தால், மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

திருத்துறவங்களை ஏன் 'நக்கீரர்'னு கூப்பிடுறாங்க? அது பாராட்டா, கிண்டலா?

இரண்டும்தான். அந்தக் கதையே இரண்டு பக்கமும் வெட்டக்கூடியது.

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு ஐயம் வருகிறது. தீர்த்துவைக்கும் பாட்டுக்குப் பொற்கிழி பரிசு. கல்யாணம் செய்துகொள்ளக் காசில்லாத தருமிக்குச் சிவபெருமானே பாட்டு எழுதிக் கொடுக்கிறார். அதுதான் குறுந்தொகையின் 2-ஆம் பாட்டு, இறையனார் பெயரில் இருப்பது. அவையில் கீரர் அதில் குற்றம் இருக்கிறது என்கிறார். இறைவனே நேரில் வந்து நெற்றிக்கண்ணைக் காட்டியபோதும் பின்வாங்கவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விரிவாக வரும் இந்தக் கதையை, ஏ.பி. நாகராஜன் 1965-இல் எடுத்த 'திருவிளையாடல்' படம் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. நக்கீரராக நடித்தது அவரே. தருமியாக வந்தவர் நாகேஷ்.

படம் பார்த்த கூட்டம் நக்கீரரை மதித்தது. ஆனால் சிரித்ததும் இரக்கப்பட்டதும் தருமியோடுதான். வாய்க்கெட்டிய பரிசு ஒரு குற்றத்தால் கைநழுவிப் போன ஏழை அவன். இன்று நம் பதிவில் யாராவது வந்து எழுத்தைத் திருத்தினால் நாம் எல்லோரும் ஒரு நிமிஷம் தருமி ஆகிவிடுகிறோம். அதனால்தான் "நக்கீரர் வந்துட்டாரு" என்பதில் கொஞ்சம் மரியாதையும் நிறைய எரிச்சலும் சேர்ந்தே இருக்கிறது.

மீம் போடுகிறவர்களும் திருத்துகிறவர்களும் ஒருசேர மறந்துவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கீரர் கண்டது எழுத்துப்பிழையே இல்லை. அவர் பிடித்தது பொருட்குற்றம். பூச்சூடாமல், எண்ணெய் தடவாமல் கூந்தலுக்குத் தானாக மணம் வருமா என்பதுதான் அவர் கேள்வி. அதாவது அவர் பாட்டைப் படித்தார், அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டார், அதன் கருத்தோடு சண்டை போட்டார். இன்று அந்தப் பட்டத்தைச் சுமக்கிறவர்களில் பாதிப் பேர், பதிவில் சொல்லப்பட்ட கருத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒற்றெழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நியாயப்படி அவர்களுக்கு இந்தப் பெயர் கூடுதல் கௌரவம்.

இந்த மீம்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற மாதிரி தோணுது. என்னென்ன வகை வருது?

மூன்று அச்சில்தான் பெரும்பாலும் வார்க்கிறார்கள்.

முதல் அச்சு, ஆபத்து. கிணற்றுக்குள் விழுந்தவன் "காப்பாத்துங்க, கினத்துல விழுந்துட்டேன்" என்று கத்துகிறான். மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. கயிறு போடுவதற்குப் பதிலாக, "மூணு சுழி ண, தம்பி" என்கிறது. வீடு தீப்பிடிப்பது, பாம்பு கடிப்பது என்று நிலைமை மட்டும் மாறும்.

இரண்டாவது, காதல். மூன்று வருஷம் தயங்கியவன் கடைசியில் "உன்னை காதளிக்கிறேன்" என்று அனுப்புகிறான். மறுபக்கம் "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று காட்டுகிறது. அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பதில் வருகிறது: "சின்ன ல. உன்னை-க்கு அப்புறம் க் போடணும்."

மூன்றாவது அச்சு, திருத்துகிறவரே சறுக்குவது. அதற்குத் தனிக் கேள்வியே கீழே வருகிறது.

முதல் இரண்டிலும் கவனித்துப் பாருங்கள், திருத்தம் ஒருபோதும் தப்பாக இருக்காது. கிணற்றுக்கு மூன்று சுழிதான். திருத்தம் தப்பாக இருந்தால் மீமே விழாது. சரியான பேச்சு, சரியில்லாத நேரத்தில் வருகிறது. அந்தப் பொருத்தமின்மையை வடிவேலு முகமோ கவுண்டமணி முகமோ ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

வாழ்த்துக்களா, வாழ்த்துகளா? இதையாவது சொல்லி முடிச்சு வைங்க.

முடித்துவைக்க முடியாது என்பதால்தான் இது தமிழ் இணையத்தில் ஓயாத சண்டையாக இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

'வாழ்த்து' என்ற சொல் உகரத்தில் முடிகிறது. அதற்கு முன்னால் 'த்' என்ற வல்லின மெய் இருக்கிறது. இதை இலக்கணத்தில் வன்தொடர்க் குற்றியலுகரம் என்பார்கள். இப்படி முடியும் சொல்லுக்குப் பின்னால் க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் வந்தால் நடுவில் ஒற்று மிகும். கொக்குப் பறந்தது, பத்துப்பாட்டு. 'க்' போடுகிறவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். வாழ்த்து, பிறகு கள், ஆகவே வாழ்த்துக்கள்.

எதிர்ப்பக்கம் சொல்வது இது. அந்த விதி ஒரு சொல்லோடு இன்னொரு சொல் சேரும்போது. 'கள்' தனிச்சொல் இல்லை, பன்மையைக் காட்டும் விகுதி. விகுதி ஒட்டும்போது ஒற்று எதற்கு? ஆகவே வாழ்த்துகள், எழுத்துகள், பாட்டுகள். 'க்' போட்டால் 'கள்' தனிச்சொல் ஆகி, வாழ்த்தி ஊற்றிக் கொடுக்கும் கள் என்று பொருள் வந்துவிடும் என்று ஒரு கேலியையும் சேர்த்துக்கொள்வார்கள்.

உடனே முதல் பக்கம் திருப்பிக் கேட்கும்: பசு பசுக்கள் ஆகிறது, பூ பூக்கள் ஆகிறது, அங்கே மட்டும் விகுதிக்கு முன்னால் 'க்' எப்படி வந்தது? அதற்கும் பதில் உண்டு. 'பசு'வில் இருப்பது குற்றியலுகரம் இல்லை, 'பூ' ஓரெழுத்து நெடில், அவற்றின் வழி வேறு. சரி, ஆனால் அந்தக் கள்ளுக் கேலி மட்டும் நிற்காது. பூக்களைப் பார்த்து யாரும் பூவிலிருந்து இறக்கிய கள் என்று நினைத்ததில்லை. போதாக்குறைக்கு 'வாழ்த்துகள்' என்று எழுதினாலும் கடைசியில் கள் இருக்கத்தான் செய்கிறது.

காதும் ஒரு பக்கம் சாய்கிறது. 'துகள்' என்று ஒற்றைக் ககரம் வந்தால் நாக்கு அதை மெலிதாக்கிவிடும். நாம் வாயால் சொல்லும்போது அழுத்தமாக இரட்டைக் ககரம் போட்டுத்தான் சொல்கிறோம். வாயில் வருவதைக் கை எழுதுகிறது. இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

நான் வேலை பார்த்த இடங்களில் 'க்' இல்லாத வடிவம்தான் வழக்கம். இப்போது அச்சில் அது கூடிக்கொண்டும் வருகிறது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் 'க்' போட்ட வடிவத்தைப் பிழை என்று வட்டம் போட மாட்டேன். ஒரே நூலில் ஓரிடத்தில் 'க்' இருந்து இன்னோரிடத்தில் இல்லாவிட்டால்தான் பேனாவை எடுப்பேன்.

இப்போது இந்தச் சண்டை எப்படி மீம் ஆகிறது என்று பாருங்கள். ஒருவர், "இன்றோடு எனக்கு 40" என்று ஒரு படம் போடுகிறார். கீழே வாழ்த்துக்கள், வாழ்த்துக்கள் என்று வரிசையாக விழுகிறது. ஒருவர் வந்து, வாழ்த்துச் சொன்னவர்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "வாழ்த்துகள் என்பதே சரி" என்று பதில் போட்டுக்கொண்டே இறங்குகிறார். ஏழாவது ஆளுக்குக் கீழே இன்னொரு இலக்கணக்காரர் குறுக்கே விழுந்து, பசுக்கள் எப்படி வந்தது என்று கேட்கிறார். நாற்பது பதில்கள் ஓடுகின்றன. நன்னூல் வருகிறது, தொல்காப்பியம் வருகிறது, யார் எந்த ஊரில் படித்தவர் என்பது வருகிறது. பிறந்தநாள்காரர் இரவு பத்து மணிக்கு வந்து, "எனக்கு யாராவது வாழ்த்துச் சொன்னீங்களா?" என்று கேட்கிறார். மீம் செய்ய இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை, திரையை அப்படியே படம் பிடித்தால் போதும்.

தப்பா எழுதினா தமிழ் தெரியலைன்னுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. தமிழில் மாட்டிக்கொள்கிற எழுத்துகள் எவை என்று பாருங்கள். ல, ள, ழ. ர, ற. ந, ன, ண. எல்லாமே காதில் ஒன்றாகவோ ஏறக்குறைய ஒன்றாகவோ விழுபவை. தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் பேச்சில் ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசமே இல்லை. ந-வும் ன-வும் யாருக்கும் காதில் பிரிவதில்லை. தென்மாவட்டத்தில் மழை 'மளை' ஆகும். சென்னைப் பேச்சில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும். யாழ்ப்பாணத்தார் 'ற்ற'வைச் சொல்லும் விதம் வேறு, அவர்களுக்குச் சில குழப்பங்கள் குறைவு. ஆக, எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால் பலமுறை பார்த்து மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். நிறைய அச்சுத் தமிழ் படித்தவருக்கு அது தானாக வரும். படிக்க நேரமும் புத்தகமும் வாய்க்காதவருக்கு வராது. அவர் பேசும் தமிழில் ஒரு குறையும் இருக்காது.

இதற்கு மேல் விசைப்பலகை வேறு இருக்கிறது. 1999-இல் தமிழக அரசு தரமாக ஏற்ற தமிழ்99 பலகையில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு. ஆனால் பெரும்பாலோர் தட்டுவது ஒலிபெயர்ப்பு முறையில். அதில் வழக்கமாக `l` தட்டினால் ல, ஷிஃப்டோடு `L` தட்டினால் ள. `n` ஒன்று, `N` ஒன்று. ஒரு விரல் சோம்பல் பட்டால் பள்ளி 'பல்லி' ஆகிவிடுகிறது. செல்பேசியில் இன்னும் மோசம். அது தானாகப் பரிந்துரைக்கும் சொல்லில் கை பட்டால் போயிற்று.

விரல் பிழையா, பழக்கப் பிழையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே சொல் அதே பதிவில் இன்னோரிடத்தில் சரியாக வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால் அது விரல். அதைத் திருத்துவது தும்மியவருக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பது போல. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால், அவர் அப்படித்தான் கற்றிருக்கிறார். சொல்லிக்கொடுத்தால் பயன்படலாம், ஆனால் ஊர் கூடி நிற்கும் இடத்தில் இல்லை.

பேச்சுத் தமிழ்ல எழுதினதையும் சிலர் திருத்துறாங்களே, அது சரியா?

அது திருத்தமே இல்லை. "சாப்ட்டியா" என்று கேட்டவரிடம் "சாப்பிட்டாயா" என்று போடுவது, டீக்கடையில் நிற்பவரை மேடையில் ஏற்றி மைக்கை நீட்டுவது. 'போயிடுச்சு', 'போயிருச்சு', 'போச்சு' எல்லாம் அந்தந்த ஊர்க்காரருக்குச் சரி. பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்துமுறை என்று ஒன்று இல்லை. மதுரைக்காரர் எழுதுவதைப் பார்த்து கோவைக்காரருக்குத் தப்பு என்று பட்டால், அவர் தன் ஊரைத்தான் இலக்கணமாக வைத்திருக்கிறார்.

ஆங்கில எழுத்துல தமிழைத் தட்டுறவங்களை மட்டும் யாரும் திருத்துறதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

அங்கே விதி இல்லை, அதனால் குற்றமும் இல்லை. வாழ்த்தை ஆங்கில எழுத்தில் பத்து விதமாகத் தட்டலாம், எதையும் யாரும் தொடுவதில்லை. தமிழ் எழுத்தில் சிரமப்பட்டுத் தட்டியவருக்குத்தான் அடி விழுகிறது. இரண்டு தடவை அடி வாங்கியவர் மூன்றாவது தடவை ஆங்கில எழுத்துக்குப் போய்விடுகிறார். மொழி காக்கப் புறப்பட்டவர்களை மீம் போடுகிறவர்கள் மடக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனக்கும் இதற்குப் பதில் இல்லை.

திருத்த வந்தவரே தப்பா எழுதிடுறாரே, அது எப்படி எப்பவும் நடக்குது?

"முதலில் தமிழை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொல்லவும்." இந்த ஒரு வரி எத்தனை வடிவத்தில் சுற்றுகிறது என்று கணக்கில்லை. கொள்ளச் சொன்னவர் கொல்லச் சொல்லிவிட்டார்.

எப்போதும் நடக்கிறதா என்றால் இல்லை, நடக்கும்போது மட்டும் நம் கண்ணில் படுகிறது. சரியாகத் திருத்தியவரின் வரியை யாரும் படம் பிடித்துச் சுற்ற விடுவதில்லை. ஆனால் நடப்பதற்குக் காரணமும் இருக்கிறது. திருத்துகிறவரின் முழுக் கவனமும் அடுத்தவர் வரியில் இருக்கும், தன் வரி அவசரத்தில் போகும். தான் எழுதியதைத் தானே மெய்ப்பு பார்ப்பது இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. எழுத நினைத்தது மனதில் இருப்பதால், கண் தாளில் இருப்பதைப் படிக்காமல் மனதில் இருப்பதைப் படித்துவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு விதியே உண்டு. 1992-இல் ஜான் பாங்சண்ட் என்ற ஆஸ்திரேலியப் பதிப்பாசிரியர் எழுதிவைத்தார். பிறர் எழுத்தின் பிழையைக் குறை சொல்லி நீ எழுதினால், நீ எழுதியதிலும் ஏதாவது பிழை இருந்தே தீரும் என்பது சாரம். தப்பு நடக்க வாய்ப்பிருந்தால் நடந்தே தீரும் என்ற மர்ஃபி விதியை எல்லோருக்கும் தெரியும். அவர் அதையே எழுத்து மாற்றி 'மஃப்ரி விதி' என்று வேண்டுமென்றே பிழையோடு பெயர் வைத்தார்.

நம் பக்கத்தில் இது இன்னும் பழைய கதை. திருவிளையாடற் புராணத்தில், நெற்றிக்கண் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கீரரை இறைவன் கரையேற்றுகிறார். பலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். ஆனால் அதற்கு அடுத்த படலத்தின் பெயரே 'கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம்'. கீரர் தடுமாறியதற்குக் காரணம் இலக்கணத் தெளிவு போதாமைதான் என்று சொல்லி, அகத்தியரை வரவழைத்து அவருக்குப் பாடம் நடத்த வைக்கிறார் சிவபெருமான். குற்றம் கண்ட புலவரையே மறுபடி வகுப்பில் உட்கார வைத்த மூன்றாவது அச்சு மீம், இணையம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மிடம் இருந்தது.

இங்கிலீஷ்லயும் இப்படித்தானா? திருத்துறவங்களைப் பத்தி ஆராய்ச்சி ஏதாவது இருக்கா?

அங்கே இதைவிடக் கடுமை. இலக்கணம் திருத்துகிறவரை 'கிராமர் நாசி' என்றே அழைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. லட்சக்கணக்கானவர்களைக் கொன்றவர்களையும், காற்புள்ளி போடச் சொன்னவரையும் ஒரே பெயரால் கூப்பிடுவது என்ன நகைச்சுவை? நம் நக்கீரர் எவ்வளவோ தேவலை.

2016-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குயின் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் தேடும் விளம்பரத்துக்கு வந்த பதில்கள் என்று சொல்லி, 83 பேரிடம் சில மின்னஞ்சல்களைக் கொடுத்தார்கள். சிலவற்றில் பிழை இருந்தது, சிலவற்றில் இல்லை. எழுதியவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிழையோடு எழுதியவர்களுக்கு மொத்தத்தில் மதிப்பெண் குறைந்தது. இணக்கமாகப் போகும் சுபாவம் குறைந்தவர்கள்தான் ஒலியொத்த சொற்களை மாற்றி எழுதும் வகைப் பிழைகளைக் கூடுதலாகப் பொருட்படுத்தினார்கள்.

இதை எடுத்துக்கொண்டு, "பிழை திருத்துறவன் எல்லாம் சிடுமூஞ்சின்னு விஞ்ஞானமே சொல்லிடுச்சு" என்று பரப்பினார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 83 பேர் ஆங்கில மின்னஞ்சலைப் படித்து மனதில் என்ன நினைத்தார்கள் என்றுதான் அது பார்த்தது. பொது இடத்தில் யார் திருத்தக் கிளம்புகிறார்கள் என்பது வேறு கேள்வி.

அப்ப மீம் போடுறவங்க பக்கம்தான் நியாயமா?

எப்போதும் இல்லை. பிழை பொருளை மாற்றுகிற இடமும், அச்சேறி நிலைத்துவிடுகிற இடமும் உண்டு. அங்கே திருத்துகிறவரைக் கிண்டல் செய்தால் நஷ்டம் நமக்கு.

ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகை 500 பிரதி அடித்து மஞ்சள் தடவக் கொடுத்த பிறகு திரும்பி வந்தது. 'மணமகன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மனமகன்'. மூன்று பேர் படித்திருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் பாட்டி, மூன்றாம் வகுப்போடு நின்றவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தபோது பிடித்துவிட்டார். வேகமாகப் படிப்பவர் கண் சொல்லின் உருவத்தைப் பார்த்துத் தாண்டிவிடும். எழுத்தெழுத்தாகப் படிப்பவர்தான் மாறிய சுழியைப் பார்ப்பார். அந்தப் பாட்டியை யார் மீம் போட முடியும்?

கடைப் பெயர்ப்பலகை, மருந்துக் குறிப்பு, பாடநூல், நீதிமன்ற அறிவிப்பு, இதையெல்லாம் கருத்துப் பெட்டியோடு சேர்க்கக் கூடாது. அவை ஒருமுறை எழுதிப் பலர் நம்பிப் படிப்பவை. மீம் போடுகிறவர்கள் சில சமயம் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். விளம்பரத்தட்டியில் பத்தடி உயரத்துக்குப் பிழை விட்டவர்கூட, சுட்டிக்காட்டியவரை நக்கீரர் ஆக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்.

எனக்குக் கண்ணில பட்டா சொல்லாம இருக்க முடியலை. எப்படித்தான் சொல்றது?

தனிச்செய்தியில் சொல்லுங்கள். கூட்டத்தில் சொன்னால் அவமானமாகப் படும் அதே வரி, தனியாகச் சொன்னால் உதவியாகிவிடும். "போஸ்டர்ல போடப் போறீங்களா? அப்படின்னா ஒரு எழுத்து மாத்திடலாம்" என்று ஆரம்பித்தால் இன்னும் நல்லது, ஏன் திருத்துகிறீர்கள் என்று அவருக்கே புரிந்துவிடும்.

இல்லையென்றால் பழைய வாத்தியார்கள் செய்த மாதிரி, நீங்கள் எழுதும் பதிலில் அந்தச் சொல்லைச் சரியாகப் போட்டுவிட்டுப் போங்கள். "முதல் சம்பளமா! அம்மா என்ன சொன்னாங்க?" அவர் பார்த்தால் பார்க்கட்டும். நட்சத்திரக் குறி போட்டு ஒற்றைச் சொல்லை மட்டும் வைக்காதீர்கள். மீம் போடுகிறவர்களின் கை அதைப் பார்த்ததும் அரிக்க ஆரம்பித்துவிடும்.

நீங்க எப்பவாவது இப்படி மீம்ல மாட்டியிருக்கீங்களா?

மாட்டியிருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். குடும்ப வாட்ஸப் குழுவில் ஒருவர் பின் ஒருவராக "ஆழ்ந்த இறங்கல்" என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் போட்டவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே பிரதி எடுத்து ஒட்டியிருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஐந்தாவது 'இறங்கல்' வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குத்தான் பெரிய ற, துக்கத்துக்குச் சின்ன ர. "இரங்கல்" என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன். நட்சத்திரக் குறியோடு.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம், அக்கா மகன் ஒரு படம் போட்டான். கையில் சிவப்புப் பேனாவோடு நக்கீரர், எதிரே பாடை. கீழே, "பிணமே எழுந்து உட்கார்ந்தாலும் பிழை பிழையே." இறந்தவரின் மனைவி, எங்கள் பெரியம்மா, அதைப் பார்த்து அந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார் என்று சொன்னார்கள். அதற்கு மேல் நான் என்ன கோபப்படுவது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அவனிடமிருந்து ஒரு பிடிஎஃப் வந்தது. அவன் கல்யாணப் பத்திரிகை. "மாமா, காலைல அச்சுக்குப் போகுது. ஒரு தடவ பாத்துடுங்க." பார்த்தேன். மணமகன் சரியாக இருந்தது. மணமகளின் அப்பா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. 'நல்வரவை' என்பதற்குப் பின்னால் ஒற்று இல்லை. முகூர்த்த நேரத்தில் 'மணிக்குள்' என்று வரவேண்டியது 'மணிக்குல்' என்று இருந்தது. மூன்றையும் வட்டம் போட்டு அனுப்பினேன்.

திருத்தி மறுபடி அனுப்பினான். கூடவே அந்தப் பழைய நக்கீரர் படம், இந்தத் தடவை கீழே எழுத்து எதுவும் இல்லாமல்.